எல்லாரும் ஒரே நேரத்தில் சேமித்தால் சேமிப்பு ஏன் கூடுவதில்லை

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் சித்தப்பா பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தார். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் இரவு ஷிஃப்டு முடிந்து வருகிறவர்களுமே அவருடைய வாடிக்கையாளர்கள். கடனுக்குச் சாப்பிடுகிறவர்களின் கணக்கை எல்லாக் கடைகளிலும் இருக்கும் அந்தச் சிறிய 555 புத்தகத்தில் எழுதி வைப்பார். அந்த ஆண்டு முதல் சில வாரங்களில் பழைய பாக்கிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. புதுக்கடன் எழுதச் சொல்கிறவர்கள் குறைந்தார்கள். "பரவாயில்லையே தம்பி, எல்லாரும் பொறுப்பாயிட்டாங்க" என்று அவர் மகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. அடுத்த மாதத்திலேயே, நாளொன்றுக்கு முந்நூறு ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்த கல்லில் இருநூறுகூடப் போகவில்லை. கடன் அடைத்த அதே கைகள் வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கியிருந்தன.

அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு வேலை போகவில்லை. ஓ.டி. குறைந்திருந்தது, அடுத்து ஆட்குறைப்பு வரலாம் என்ற பேச்சு எழுந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வெளியில் சாப்பிடுவதை நிறுத்தி நாளுக்கு மூன்று ரிங்கிட் மிச்சப்படுத்துவது ஒரு குடும்பத் தலைவர் செய்யக்கூடிய சரியான காரியம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஐம்பது பேர் ஒரே மாதத்தில் அதையே செய்தபோது, அவர்கள் ஒவ்வொருவரும் மிச்சப்படுத்திய மூன்று ரிங்கிட்டும் சித்தப்பாவின் கல்லாவுக்கு வராத மூன்று ரிங்கிட்டாக இருந்தது. அவர் மாவும் கட்டிப்பாலும் வாங்குவதைக் குறைத்தார். பிறகு கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்த பையனை நிறுத்தினார். வீட்டுக் கடனின் தவணையைக் கட்டத் தம் சேமிப்பிலிருந்தே எடுத்தார். ஐம்பது குடும்பங்களின் சேமிப்பு ஏறியது உண்மைதான். அதற்கு எதிர்ப்பக்கத்தில் சித்தப்பாவின் சேமிப்பும், அவருக்கு மாவு விற்றவரின் சேமிப்பும், வேலை இழந்த பையனின் சேமிப்பும் இறங்கின. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால் மொத்தம் எவ்வளவு கூடியது என்பதே இங்கே கேள்வி.

பொருளியலில் இதைச் சிக்கன முரண் என்கிறார்கள். இந்த எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிலரால் எழுதப்பட்டுவிட்டது என்றாலும், உலகப் பெருமந்தத்தின் நடுவே, 1936இல், பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ்தான் இதற்கு ஒரு முழுமையான விளக்கத்தைக் கட்டியெழுப்பினார். அதன் அடித்தளம் மிக எளிமையானது: ஒருவர் செலவழிக்கும் பணமே இன்னொருவருக்கு வருமானம். நான் என் சம்பளத்தில் செலவைக் குறைத்தால் என் சம்பளம் குறையாது. ஏனென்றால் என் சம்பளம் வேறு யாரோ செலவழிப்பதிலிருந்து வருகிறது. எல்லாரும் குறைத்தால் அந்த "வேறு யாரோ" என்பவரும் குறைத்தவர்களில் ஒருவராகிவிடுகிறார்.

இதை எண்களில் பார்த்துவிடுவது நல்லது. ஒரு குடியிருப்பில் 40 குடும்பங்கள் இருப்பதாகவும், அவர்கள் வெளியே எங்கும் வாங்காமல், வெளியே எங்கும் விற்காமல், தங்களுக்குள்ளேயே உழைத்து விற்று வாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். இது உண்மையான ஊர் இல்லை. வெளியுலகக் கதவைச் சற்று நேரம் மூடி வைத்தால் உள்ளே நடப்பது தெளிவாகத் தெரியும் என்பதற்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்கிறோம். கதவைப் பிறகு திறப்போம்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாத வருமானம் 2,500 ரிங்கிட். மொத்தம் 100,000 ரிங்கிட். ஒவ்வொருவரும் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 500 ரிங்கிட்டை, சேமிக்கிறார்கள். ஆக 80,000 ரிங்கிட் சாப்பாடு, துணி, முடிவெட்டு என்று செலவாகிறது. மீதி 20,000 ரிங்கிட் சேமிப்பு வங்கிக்குப் போய், அங்கிருந்து கடனாக வெளியே வந்து, ஒருவர் புதிய தையல் இயந்திரம் வாங்கவும் இன்னொருவர் கடையை விரிவாக்கவும் பயன்படுகிறது. இதுவே முதலீடு. 80,000 நுகர்வும் 20,000 முதலீடும் சேர்ந்து 100,000 ஆகி, அடுத்த மாத வருமானமாக அதே 40 குடும்பங்களுக்குத் திரும்புகிறது. வட்டம் குறையின்றிச் சுற்றுகிறது.

இப்போது ஏதோ ஓர் அச்சம் பரவுகிறது. எல்லாக் குடும்பங்களும் இனி நான்கில் ஒரு பங்கைச் சேமிப்பதென்று முடிவெடுக்கின்றன. முதல் மாதத்தில் ஒவ்வொன்றும் 500க்குப் பதில் 625 ரிங்கிட்டை ஒதுக்குகிறது, மொத்தம் 25,000. நுகர்வு 75,000 ஆகக் குறைகிறது. கடைக்காரர்களோ வழக்கம்போல 80,000 ரிங்கிட்டுக்குச் சரக்குத் தயார் செய்திருக்கிறார்கள். 5,000 ரிங்கிட் சரக்கு விற்காமல் கிடக்கிறது. இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதல் மாதத்தில் கணக்குப் புத்தகத்தில் சேமிப்பு உண்மையாகவே 25,000 ரிங்கிட்டாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் 5,000க்கு மறுபக்கத்தில் இருப்பது புதிய இயந்திரம் அல்ல. கடைக்காரர்கள் விரும்பாமலேயே தேங்கிப்போன அரிசி மூட்டையும் துணிக்கட்டும். அவர்கள் அதை அப்படியே விட்டு வைக்கமாட்டார்கள். அடுத்த மாதம் கொள்முதலைக் குறைப்பார்கள், ஆட்களின் வேலை நேரத்தைக் குறைப்பார்கள்.

எனவே இரண்டாம் மாத வருமானம் 75,000 நுகர்வும் 20,000 முதலீடும் சேர்ந்து 95,000 ஆகிறது. ஒரு குடும்பத்துக்கு 2,375 ரிங்கிட். அதில் நான்கில் ஒரு பங்கைச் சேமித்து மீதியைச் செலவழித்தால் நுகர்வு 71,250; மூன்றாம் மாத வருமானம் 91,250. அதற்கடுத்த மாதம் 88,000 ரிங்கிட்டைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கத்தின் அளவு சிறுத்துக்கொண்டே வந்து, இறுதியில் 80,000இல் நிற்கிறது. அங்கே ஏன் நிற்கிறது என்றால், 80,000இல் நான்கில் ஒரு பங்கு 20,000. முதலீட்டுக்காகக் கடன் வாங்குகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் தொகையும் அதே 20,000. வட்டத்திலிருந்து வெளியேறும் பணமும் திரும்ப உள்ளே வரும் பணமும் மீண்டும் சமமாகிவிட்டன.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். வருமானம் 2,500இலிருந்து 2,000 ஆகிவிட்டது. செலவு 2,000இலிருந்து 1,500. சேமிப்போ தொடங்கிய இடத்திலேயே, 500 ரிங்கிட்டிலேயே, நிற்கிறது. மாதத்துக்கு 125 ரிங்கிட் கூடுதலாகச் சேமிக்க வேண்டும் என்று புறப்பட்டவர்கள் ஒரு சென்கூடக் கூடுதலாகச் சேமிக்கவில்லை. ஆனால் 500 ரிங்கிட் வருமானத்தை இழந்துவிட்டார்கள். சேமிப்பின் விகிதம் கூடியது, தொகை கூடவில்லை. சிக்கனத்தைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் விகிதத்தைப் பற்றியதாகவே இருப்பதால், இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

இதுவரை முதலீடு மாறாமல் 20,000இலேயே இருப்பதாக எடுத்துக்கொண்டோம். நடைமுறையில் அப்படி இருக்காது. விற்பனை விழுந்த கடைக்காரர் இரண்டாவது அடுப்பு வாங்குவதைத் தள்ளிப்போடுவார். வருமானம் ஒரு ரிங்கிட் குறையும்போது முதலீடு 5 சென் மட்டுமே குறைகிறது என்று மிக மென்மையாக வைத்துக்கொண்டாலும், இறக்கம் 80,000இல் நிற்காமல் 75,000 வரை போகும். அப்போது முதலீடு 18,750. மொத்தச் சேமிப்பும் அதே 18,750; ஒரு குடும்பத்துக்கு 470 ரிங்கிட்டுக்கும் குறைவு. எல்லாரும் கூடுதலாகச் சேமிக்க முயன்றதாலேயே மொத்தச் சேமிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்துபோன நிலை இதுவே. தலைப்பில் உள்ள புதிரின் கடினமான பாதியும் இதுவே; இதற்கு யாரும் பணத்தை எரிக்கவும் வேண்டியதில்லை, ஏமாற்றவும் வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெண்கள் கட்டிய கூட்டு நினைவுக்கு வருகிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்நாட்டில் கூட்டு நடத்துவதைத் தடைசெய்திருக்கிறது; அதன் ஆபத்துகளும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனாலும் சேமிப்பு எப்போது யாரையும் பாதிக்காது என்பதை விளக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. பத்துப் பேர் மாதம் 200 ரிங்கிட் போட்டால், அந்த மாதமே ஒருவர் 2,000 ரிங்கிட்டை எடுத்து மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறார் அல்லது குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறார். ஒன்பது பேர் செலவழிக்காத பணத்தைப் பத்தாமவர் அன்றைக்கே செலவழித்துவிடுவதால் கடைத்தெருவுக்கு வரும் மொத்தப் பணம் குறைவதில்லை. முரண் பிறப்பது, எடுக்கிறவரும் அந்த 2,000 ரிங்கிட்டை அலமாரியில் வைத்துப் பூட்டும்போதுதான். சேமிப்பு என்ற செயலில் தவறு இல்லை. சேமித்ததை எடுத்துச் செலவிடும் ஆள் இல்லாமல் போவதே கேடு.

அந்த ஆளைத் தேடித் தருவது வட்டி விகிதத்தின் வேலை என்பது பழைய பொருளியலின் பதில். வங்கியில் பணம் குவிந்தால் வட்டி இறங்கும், வட்டி இறங்கினால் கடன் வாங்கி முதலீடு செய்கிறவர்கள் கூடுவார்கள், அவர்களுடைய செலவு மற்றவர்களின் சிக்கனத்தை ஈடுகட்டிவிடும் என்று அது சொல்கிறது. இந்தப் பதிலை ஒதுக்கித் தள்ளக்கூடாது. சாதாரணக் காலங்களில் இது பெருமளவுக்கு நடக்கவே செய்கிறது. ஆட்களும் இயந்திரங்களும் முழு வேலையில் இருக்கும் காலத்தில் மக்கள் நுகர்வைக் குறைத்தால், அந்த உழைப்பு சாலை போடவும் ஆலை கட்டவும் கிடைக்கும். 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி வாரியம் (இ.பி.எஃப்.) தொழிலாளர்களின் சந்தாவை அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டு, அந்தப் பணம் நாட்டின் கட்டுமானத்துக்குப் போனதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அங்கே சேமித்ததைச் செலவிட ஆள் இருந்தது.

ஆனால் மந்தம் தொடங்கிய பிறகு வட்டியால் அதே வேலையை எளிதில் செய்ய முடிவதில்லை. பேங்க் நெகாரா தன் கொள்கை வட்டி விகிதத்தை 2008 நவம்பரில் இருந்த 3.50 விழுக்காட்டிலிருந்து 2009 பிப்ரவரிக்குள் 2.00 விழுக்காட்டுக்கு இறக்கியது. மூன்றே மாதங்களில் ஒன்றரை விழுக்காட்டுப் புள்ளி என்பது வேகமான இறக்கம். சித்தப்பாவின் வங்கி மேலாளர் அப்போது கடன் கொடுக்கத் தயாராகவே இருந்தார். வெறுமையாகக் கிடக்கும் மேசைகளுக்கு நடுவே இன்னும் நான்கு மேசை போடுவதற்கு எவ்வளவு மலிவான கடனும் காரணமாகாது. அவரை மீண்டும் முதலீடு செய்ய வைத்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் நிற்கும் வாடிக்கையாளர். வட்டி இறக்கத்தால் பழைய வீட்டுக் கடனின் தவணைச் சுமை சற்றுக் குறையும், அந்த வழியில் சிறிது பயன் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலீட்டைத் தூண்டுவது என்ற அதன் முதன்மையான வேலை, தேவை சரிந்த நேரத்தில்தான் மிகவும் பலவீனமாக நடக்கிறது.

இனி மூடி வைத்த கதவைத் திறக்கலாம். பினாங்கு அந்த 40 குடும்பக் குடியிருப்பைப் போன்றதல்ல. நாம் செலவழிக்கும் ஒரு ரிங்கிட்டில் ஒரு பகுதி இந்தியாவின் வெங்காயத்துக்கும் சீனாவின் கைப்பேசிக்கும் போய்விடுகிறது. ஆகவே நாம் செலவைக் குறைக்கும்போது அந்தப் பகுதியின் வலி உள்ளூர்க் கடைக்காரரைத் தாக்காமல் வெளியே போகிறது. நம் தொழிற்சாலைகளின் விற்பனையும் நம்மை நம்பியில்லை. பாயான் லெப்பாஸில் செய்யப்படும் சில்லுகளை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார். ஏற்றுமதியை நம்பிய சிறிய நாட்டில் உள்ளூர் மக்கள் மட்டும் சிக்கனமானால் வருமானத்தின் சரிவு நான் மேலே காட்டிய அளவில் பாதிகூட இருக்காமல் போகலாம். மிஞ்சும் சேமிப்பு வெளிநாட்டுச் சொத்தாக மாறி, மொத்தச் சேமிப்பு உண்மையாகவே கூடவும் செய்யலாம். முரணுக்கு இது உண்மையான எல்லை. இதைச் சொல்லாமல் எண்களை மட்டும் காட்டுகிறவர்கள் பாதிக் கதையைச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த எல்லைக்குள்ளேயே இன்னொரு வாசல் இருக்கிறது. பினாங்குக்காரர்கள் 2009இல் அதன் வழியாகவே அடிபட்டார்கள். அமெரிக்காவில் வீட்டு விலைகள் சரிந்த பிறகு, கடனில் மூழ்கியிருந்த குடும்பங்கள் செலவைக் குறைத்துக் கடனை அடைக்கத் தொடங்கின. ஒரு குடும்பத்துக்கு அது இந்த ஆண்டு புதிய கணினி வேண்டாம் என்ற சிறிய முடிவு. அந்த முடிவை இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் எடுத்தபோது, கணினிக்குள் இருக்கும் பாகங்களைச் செய்யும் ஊரில் ஓ.டி. நின்றது. மலேசியப் பொருளாதாரம் அந்த ஆண்டு முழுவதற்கும் சுமார் 1.5 விழுக்காடு சுருங்கியது. ஏற்றுமதித் தொழிற்சாலைகளை நம்பியிருந்த பினாங்கு போன்ற இடங்கள் அதைக் கூடுதலாகவே உணர்ந்தன. ஓ.டி. நின்ற தொழிலாளி வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தார். அமெரிக்கக் குடும்பத்தின் சிக்கனமும் பாயான் லெப்பாஸ் தொழிலாளியின் சிக்கனமும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள். சித்தப்பாவின் கல் மூன்றாவது கண்ணி. தனி நாட்டுக்கு ஏற்றுமதி ஒரு வடிகால்தான். எல்லா நாடுகளும் ஒன்றாகச் சேமிக்க முயன்றால், உலகம் முழுவதுமே வெளிவாசல் இல்லாத அந்த 40 குடும்பக் குடியிருப்பாகிவிடுகிறது. உலகத்துக்கு ஏற்றுமதிச் சந்தை வேறெங்கும் இல்லை.

ஊரில் நடப்பது இந்த முரண்தானா, அல்லது வேறு வகைச் சரிவா என்பதை எப்படி அறிவது? பொருள் கிடைக்காமல் ஏற்படும் சரிவில் விலைகள் ஏறும், சரக்கு அறைகள் காலியாகும். சிக்கனத்தால் வரும் சரிவில் இதற்கு நேர்மாறாகச் சரக்கு தேங்கும், தள்ளுபடி அட்டைகள் தொங்கும், வங்கியில் வைப்புத்தொகை இருந்தும் கடன் கேட்டு வருகிறவர்கள் குறைவார்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது மக்களின் கையில் பணம் சேர்ந்ததை இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. அப்போது கடைகள் மூடியிருந்தன. செலவழிக்க விரும்பியவர்களுக்கும் வழியில்லை. வருமானம் சுருங்கியதற்கு முதற்காரணம் அச்சமோ சிக்கனமோ அல்ல.

மந்தத்தின்போது மலேசிய அரசாங்கம் பலமுறை எடுத்த ஒரு நடவடிக்கை இந்த விளக்கத்தின் வெளிச்சத்தில்தான் பொருள்படும். 2009 ஜனவரி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, சேமநிதியில் ஊழியரின் பங்கு 11 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2016 மார்ச் முதல் 2017 இறுதி வரை மீண்டும் 8. 2020 ஏப்ரலில் 7. ஓய்வுக்காலத்துக்குச் சேமியுங்கள் என்று ஓயாமல் சொல்லும் அரசாங்கமே சேமிப்பைக் குறைக்கச் சொல்கிறதே என்று பலர் கோபப்பட்டதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். 2,500 ரிங்கிட் சம்பளத்தில் 11 விழுக்காடு 275 ரிங்கிட்; 8 விழுக்காடு 200. மாதம் 75 ரிங்கிட் கூடுதலாகக் கைக்கு வருகிறது. அது சாப்பாட்டுக் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் போனால், கட்டாயச் சேமிப்பு வட்டத்திலிருந்து வெளியே எடுப்பது அந்த அளவுக்குக் குறைந்து, வருமானச் சரிவு தடுக்கப்படும் என்பதே கணக்கு. பழைய விகிதத்திலேயே இருக்க விரும்பியவர்கள் படிவம் கொடுத்து 11 விழுக்காட்டைத் தொடரலாம்.

கணக்கு சரியானதுதான், ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, அச்சத்தில் இருக்கிறவர் அந்த 75 ரிங்கிட்டையும் வங்கியில் போட்டுவிட்டால் எதுவும் மாறாது. பூட்டு ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாறியதோடு சரி. இரண்டாவது எனக்கு அதிக வருத்தம் தருவது. கையில் வந்ததைக் கட்டாயம் செலவழித்துவிடுகிறவர்கள் குறைந்த சம்பளக்காரர்கள். ஆகவே மந்தத்தைத் தடுக்கும் சுமையை உண்மையில் சுமப்பது அவர்களுடைய முதுமைக்கால வைப்பு. 2020 முதல் அனுமதிக்கப்பட்ட நான்கு சிறப்பு மீட்புத் திட்டங்களின் வழியாக 145 பில்லியன் ரிங்கிட் சேமநிதியிலிருந்து வெளியே போனபோது அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பணம் பல குடும்பங்களை அன்றைக்குக் காப்பாற்றியது. அதே குடும்பங்கள் அறுபது வயதில் அதைத் தேடும். தனியார் எல்லாரும் ஒரே நேரத்தில் சேமிக்கும்போது எதிர்த்திசையில் செலவிட வேண்டியவர், அப்படிச் செய்வதால் வீட்டை இழக்காத ஒருவராக இருக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்கக்கூடியது அரசாங்கம் மட்டுமே என்பது என் கருத்து. 2009 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட 60 பில்லியன் ரிங்கிட் ஊக்கத் திட்டத்தை அந்த வகையில் நான் ஆதரித்தேன். அதில் ஒரு பகுதி மட்டுமே நேரடிச் செலவு, பெரும்பகுதி கடன் உத்தரவாதமும் முதலீட்டு ஒதுக்கீடும் வரிச் சலுகையும் என்பது அதன் குறை. உத்தரவாதம் கடன் வாங்குகிறவர் வந்தால்தான் செலவாக மாறும். அப்படிப்பட்டவர் இல்லை என்பதே நோயாக இருந்தது.

2010இல் ஏற்றுமதி திரும்பியது. பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. ஓ.டி. மறுபடி வந்தது, சித்தப்பாவின் கல்லில் ரொட்டி முந்நூறை எட்டியது, நிறுத்தப்பட்ட பையனின் இடத்துக்கு வேறொருவர் வந்தார், 555 புத்தகத்தில் புதிய பெயர்கள் ஏறின. ஊழியர் சேமநிதிச் சந்தா 2011 ஜனவரியில் 11 விழுக்காட்டுக்குத் திரும்பியபோது அவர் கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. மூன்று விழுக்காடு சம்பளத்திலிருந்து மறுபடி வெளியேறிய அதே மாதங்களில் வாசலில் கூட்டம் குறையவில்லை.